திலக் நகர் தல புராணம்

ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு தலபுராணம் வேண்டும். பக்கத்துச் சேடா நகரில் முருகன் கோயில் கொண்டிருக்கிறார், அவருக்குக் குறைவில்லை. குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் ஹார்பர் லைனில் நசுங்கிக் கிடக்கும் எங்கள் திலக் நகருக்குத்தான் யாரும் எழுதவில்லை. இங்கே வளர்ந்து உலகப் புகழ் பெற்றவர் யார் என்று தேடினால், சஹகார் சினிமா வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்று வாழ்க்கையைத் தொடங்கிய சோட்டா ராஜன்தான் அகப்படுகிறார். அவருடைய புராணத்தைப் போலீசாரே பல பாகங்களாக எழுதிவிட்டார்கள். அவர் தொழிலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். ரசிகர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்து அடித்துக்கொண்ட காலத்தில் இரண்டு தரப்பிடமும் சம்பாதித்தவன் பிளாக் டிக்கெட்காரன் ஒருவன்தான்.

நான் எழுத வந்தது வேறு தல. எங்கள் வீட்டுக்கு இரண்டு மருமகன்கள். அக்காவின் கணவர், என் அத்தான், அஜித் கட்சி. தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை விஜய் கட்சி. சகலைகள் அடித்துக்கொள்ள சீர், நகை, மாமனார் வீட்டுப் பங்கு என்று எத்தனையோ இருக்க, இவர்கள் தேர்ந்தெடுத்த வழக்கு இது. என் அப்பாவுக்கு இதில் பெரிய நிம்மதி. தமக்குச் செலவு வைக்காத சண்டை.

சண்டை நடக்கும் களம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழு. ஆயுதங்கள் வருவது ட்விட்டரிலிருந்து. ஆனால் வம்சாவளியைச் சொல்லாமல் போரை வர்ணிப்பது புராண மரபு அல்ல.

ஆதியில் பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் தோன்றினார்கள். மீம் என்பது ஏதோ 2010க்குப் பிறகு பிறந்தது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: திராவிட இயக்க நிழலில் வளர்ந்த சிவாஜி கணேசன் 1950களின் நடுவில் திருப்பதிக்குப் போய் வந்தார். அவ்வளவுதான். சுவர் சுவராக ‘திருப்பதி கணேசா, கோவிந்தா’ என்று எழுதிவிட்டார்கள். சாமி பெயரையே சொல்லி ஆளைக் காலி செய்கிற அந்த மூன்று சொற்களுக்கு இணையாக இன்றுவரை ஒரு டெம்ப்ளேட் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதை அழிக்க வேண்டுமென்றால் ஆள் வைத்து வெள்ளையடிக்க வேண்டும். எழுதுவதற்கும் செலவு உண்டு. சாயம் கரைக்க வேண்டும், இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும், எதிர்க்கட்சி ரசிகன் முழித்துக்கொண்டால் ஓட வேண்டும். ஒரு கேலிக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததால் சாதாரணக் கேலிக்கு யாரும் மெனக்கெடவில்லை.

அடுத்து ரஜினியும் கமலும். அவர்களைத் தாண்டி நேராக நம் நாயகர்களுக்கு வருவோம். 1995இல் ‘ராஜாவின் பார்வையிலே’ என்று ஒரு படம் வந்தது. அதில் விஜயும் அஜித்தும் நண்பர்களாக நடித்தார்கள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படத்திலும் நடிக்கவில்லை. எங்கள் குழுவில் சண்டை முற்றும்போதெல்லாம் என் தங்கை அந்தப் படத்தின் ஒரு ஸ்டில்லை எடுத்துப் போடுவாள். இரண்டு பேரும் பச்சைப் பிள்ளைகளாகத் தோளோடு தோள் நிற்பார்கள். குழு ஐந்து நிமிடம் அடங்கும்.

2001 பொங்கலுக்கு ‘தீனா’வும் ‘ப்ரெண்ட்ஸ்’ஸும் ஒன்றாக வந்தன. ‘தீனா’விலிருந்துதான் அஜித்துக்குத் ‘தல’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்த் தரப்பில் ஏற்கெனவே இளைய தளபதி இருந்தார். இளமை போய் வெறும் தளபதி ஆனது 2017இல் ‘மெர்சல்’ சமயத்தில். 2014 பொங்கலுக்கு ‘வீர’மும் ‘ஜில்லா’வும் ஒரே நாள். 2023 பொங்கலுக்கு ‘துணி’வும் ‘வாரி’சும் ஒரே நாள். ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்த ஆண்டுகளில்கூட இந்தப் பொங்கல் விளையாட்டுக்குத் தடை வரவில்லை.

இந்த இடத்தில் பம்பாய்க்காரனாக ஒரு குறை சொல்லிக்கொள்கிறேன். தமிழ் நடிகர் பெரிய ஆளாக வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வந்து நாலு பேரை அடித்துவிட்டுப் போக வேண்டும் என்று எங்கோ சட்டம் போட்டிருக்கிறார்கள். கமல் 1987இல் ‘நாயக’னாக வந்தார். ரஜினி 1995இல் ‘பாட்ஷா’, 2018இல் ‘காலா’. விஜய் 2012இல் ‘துப்பாக்கி’யோடு வந்து, பத்தாது என்று அடுத்த ஆண்டே ‘தலைவா’ ஆனார். அதே ஆண்டு தீபாவளிக்கு அஜித் ‘ஆரம்ப’த்தோடு வந்தார். தாராவிக்கு வந்த தண்ணீர் லாரியைவிட அங்கே வந்த தமிழ் நாயகர்கள் அதிகம். நிஜ தாதாவைத் தெருவிலேயே வைத்திருந்த திலக் நகர்க்காரர்களுக்கு இவர்களைப் பார்த்துச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனால் ‘தலைவா’ எங்களுக்கு ஒரு பெருமையும் கொடுத்தது. படம் 2013 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாட்டைத் தவிர எல்லா இடத்திலும் வந்தது. அங்கே திரையரங்குகளுக்கு வெடிகுண்டு மிரட்டல், ‘டைம் டு லீட்’ என்ற வாசகத்தால் வந்த வினை என்று ஊர்ப்பேச்சு. கடைசியில் ஆகஸ்ட் 20இல்தான் ஊரில் ரிலீஸ். அந்தப் பதினோரு நாளும் திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் எங்கள் மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டு, “படம் எப்படி மாப்ள?” என்று மரியாதையாகக் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து அத்தான் குழுவில் எழுதினார்: “சகல, தமிழ்நாட்டுக்குப் பதினோரு நாள் லீவு கொடுத்த முதல் நடிகர் உங்க ஆளுதான் வே.” மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். ஆரோக்கியமான காலம். பிறகு ‘ஆரம்பம்’ டிரெய்லரைப் பார்த்துவிட்டு அவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்: “உங்க ஆளு நடக்காரு, திரும்புறாரு, நடக்காரு. வாக்கிங் போற எங்க சொசைட்டி செக்ரட்டரிக்கும் இதே பேக்ரவுண்டு மியூசிக் போடுங்க சகல.”

கலாய்ப்பின் இலக்கணம் அதில் முழுதாக இருக்கிறது. அடிபட்டது படம். அடிபட்டவருக்குத் திருப்பி அடிக்க எதிர்த் தரப்பில் ஒரு படம் இருந்தது. பந்து இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் போகும்.

பிறகு புராணத்துக்குள் மிருகங்கள் நுழைந்தன. 2011 தேர்தலில் அ.தி.மு.க. வென்றதும், ராமருக்கு அணில் உதவியதுபோலத் தாமும் உதவியதாக விஜய் அடக்கமாகச் சொன்னார். பாலம் கட்டிய அணிலுக்கு ராமர் முதுகில் மூன்று கோடு போட்டார். விஜய் ரசிகர்களுக்கு எதிர்த் தரப்பு அணில் என்றே பெயர் போட்டுவிட்டது. அவர்கள் சும்மா இருப்பார்களா? படத்துக்கும் படத்துக்கும் நடுவில் காணாமல் போகும் தலயின் ரசிகர்களுக்கு ஆமை என்று வைத்தார்கள். 2023 ஜூலையில் ‘ஜெயிலர்’ பாடல் வெளியீட்டு விழாவில் ரஜினி காக்கா, கழுகு என்று ஒரு குட்டிக்கதை சொன்னார். காக்கா யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, கண்டுபிடித்துக்கொள்ள ஆயிரக்கணக்கானவர்கள் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்திருந்தார்கள். நவம்பரில் ‘லியோ’ வெற்றி விழாவில் விஜய் தம் பங்குக்கு ஒரு காட்டுக்கதை சொன்னார், அதிலும் காக்கா, கழுகு. 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ விழாவில் ரஜினி, தாம் விஜயைச் சொல்லவில்லை, அப்படிப் பேசுவது வருத்தம் தருகிறது என்று விளக்கினார். மூன்று மேடை, ஆறு மாதம், இரண்டு பறவை. பஞ்சதந்திரம் எழுதிய விஷ்ணு சர்மாவுக்கே இவ்வளவு வரவேற்பு கிடைத்ததில்லை.

விளையாட்டு உச்சத்துக்குப் போனது ‘வலிமை’ காலத்தில். படத்தைப் பற்றி ஒரு சேதியும் வராததால் அஜித் ரசிகர்கள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ‘வலிமை அப்டேட்’ கேட்டார்கள். முதலமைச்சரிடம் கேட்டார்கள், சாமியிடம் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் கேட்டார்கள். வலிமை என்றால் என்ன என்று மொயின் தம்மிடம் வந்து கேட்டதை அஸ்வினே பிறகு சொன்னார். இதில் யாருக்கும் காயமில்லை. கிண்டலும் தங்கள் தரப்பையே சேர்ந்தது. ஆமை என்றார்களே, ஆமாம் ஆமைதான் என்று ஓட்டுக்குள்ளிருந்தே தலையை நீட்டிச் சிரித்தார்கள். ஆனாலும் நாயகருக்குச் சங்கடம். பொறுமை காக்கச் சொல்லி, பொதுவெளியில் கண்ணியம் வேண்டும் என்று அறிக்கை விட்டார். 2011இலேயே மன்றங்களைக் கலைத்தவர் அவர். 2021 டிசம்பரில் ‘தல’ என்று கூப்பிட வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில் ‘கடவுளே அஜித்தே’ வேண்டாம் என்றார். ரசிகர்கள் எல்லாவற்றையும் பக்தியோடு கேட்டுக்கொண்டு, எதையும் நிறுத்தவில்லை.

இனி போர்த்தந்திரம். ட்விட்டரில் ஒரு டேகை டிரெண்ட் ஆக்குவது கூட்டம் இருந்தால் மட்டும் நடக்காது. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஒரு லட்சம் பதிவு போட்டால் மேலே வராது. குறுகிய நேரத்தில் திடீரென்று பொங்க வேண்டும். அதனால் டேக் என்ன என்பது கடைசிவரை ரகசியம். மாலை ஆறு மணிக்கு டேக் வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். மாப்பிள்ளை ஆபீஸ் முடிந்து ஹார்பர் லைன் லோக்கலில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டே பதிவுகளைத் தட்டச்சு செய்து டிராஃப்டில் வைத்திருப்பார். மணி அடித்ததும் டேகை ஒட்டி ஒட்டி விட வேண்டியது. எவனாவது ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் படை இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் சரியான டேகிலும் பாதிப் பேர் தப்பிலும் நின்று, இரண்டுமே மேலே வராமல் போகும். துரோகி என்று தேடிப் பிடித்துத் திட்டுவார்கள். பாவம், அவன் கட்டைவிரல் கொஞ்சம் தடித்தவன், அவ்வளவுதான்.

முதல் விரிசல் இங்கேதான். டேக் எதைச் சொல்கிறது என்பது போய், எத்தனை என்பது வந்துவிடுகிறது. ஒரு மில்லியன், ஐந்து மில்லியன். யூட்யூபில் டீஸர் வந்தால் சொந்த ஆளுக்கு லைக், எதிர் ஆளுக்கு டிஸ்லைக். படத்தைப் பார்த்தபின் என்று இல்லை, வந்த நொடியே. 2021 நவம்பரில் யூட்யூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தபோது அத்தானுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் வசூல். இருநூறு கோடி என்று போஸ்டர் வந்தால் அதில் எவ்வளவு பொய் என்று கணக்குப் போட ஒரு கூட்டம். இருவரும் இத்தனைக்கும் சம்பளக்காரர்கள், வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்கள். யாரோ ஒரு தயாரிப்பாளரின் வரவு செலவுக்காக ராத்திரி ஒரு மணிவரை விழித்திருந்தார்கள். கேலிக்குச் சிரிப்பைப் பதிலாகத் தரலாம். எண்ணுக்கு என்ன பதில்? பொய் என்றுதான் சொல்ல வேண்டும். பொய் என்ற சொல் விழுந்த அன்று எங்கள் குழுவில் “சகல” போய் “நீங்க” வந்தது. நெல்லைக்காரர்களுக்குள் திடீர் மரியாதை வந்தால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது விரிசலுக்கு ‘சுறா’ சாட்சி. 2010இல் வந்த விஜயின் ஐம்பதாவது படம். அதைக் கிண்டல் செய்வது தமிழ்நாட்டில் ஏறக்குறையக் குடியுரிமை. விஜய் ரசிகர்களே செய்வார்கள். 2017 ஆகஸ்டில் ஷாருக்கானின் ‘ஜப் ஹாரி மெட் சேஜல்’ பார்த்த பத்திரிகையாளர் தன்யா ராஜேந்திரன், ‘சுறா’வை இடைவேளைவரையாவது பார்த்தேன், இது அந்தச் சாதனையையும் முறியடித்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அடி ஷாருக்கானுக்கு. ‘சுறா’ வெறும் அளவுகோல். சரியாகச் சொன்னால் ‘சுறா’ ஜெயித்த பந்தயம் அது ஒன்றுதான். ஆனால் வந்தது கேலி இல்லை. ஆபாசம், மிரட்டல், அவர் பெயரில் எழுதக் கூசும் ஒரு டேக், அது டிரெண்டும் ஆனது. அவர் சென்னை போலீசில் புகார் கொடுத்தார், வழக்கு பதிவானது. பெண்களை மதிக்க வேண்டும், இழிவாக எழுதக் கூடாது என்று விஜய் அறிக்கை விட வேண்டி வந்தது.

இதே வரியை அஜித் ரசிகன் ஒருவன் எழுதியிருந்தால் ‘ஆஞ்சநேயா’ போஸ்டரோ ‘ஆழ்வார்’ போஸ்டரோ பதிலாக வந்திருக்கும், கதை முடிந்திருக்கும். எழுதியவருக்கு ஒரு நாயகர் இல்லை என்பதால் திருப்பி அடிக்கப் படம் கிடைக்கவில்லை. பெண் என்பதால் படம் தேவையும்படவில்லை. எங்கள் வீடும் ஒன்றும் யோக்கியமில்லை. “ரெண்டு பேர் படத்தையும் கிரைண்டர்ல மாவு ஆடும்போது பார்த்தாப் போதும், வசனம் காதுல விழாம இருந்தா நல்லாத்தான் இருக்கு” என்று அக்கா ஒரு நாள் குழுவில் எழுதினாள். குழுவில் வந்த கேலிகளிலேயே தரமானது அது. அதுவரை பேசாமல் இருந்த இரண்டு சகலைகளும் அன்றுதான் ஒன்றாகச் சேர்ந்து பதில் போட்டார்கள்: “அடுப்படிய பாரு.” அக்கா பார்த்தாள். அன்று இரவு இருவருக்கும் பழைய சோறு.

மூன்றாவது 2019 ஜூலை 29. விஜய் இறந்துவிட்டதாக அஞ்சலி சொல்லும் டேக் ஒன்றை எதிர்த் தரப்பு இந்திய அளவில் டிரெண்ட் ஆக்கியது. மனிதர் நன்றாக இருந்தார். அவருடைய ரசிகர்கள் நீடூழி வாழ்க என்று எதிர் டேக் போட்டார்கள். உலகத்தில் எத்தனையோ நடக்க, நம் மாநிலத்து இளைய தலைமுறை இதை டிரெண்ட் ஆக்குகிறதே என்று இந்தத் தடவையும் அஸ்வின்தான் நொந்துகொண்டார். ரசிகர் போர்களுக்கு நடுவர் வேலையும் பார்த்துக்கொண்டு அந்த மனிதர் எப்படி விக்கெட் எடுத்தார் என்பது ஆராய்ச்சிக்குரியது. இந்த டேகில் படம் இல்லை, நடனம் இல்லை, நகைச்சுவை என்று ஒட்டிக்கொள்ள எதுவுமே இல்லை. அதே வாரத்தில் புழல் இலங்கைத் தமிழர் முகாமில் விஜய் ரசிகர் ஒருவருக்கும் அஜித் ரசிகர் ஒருவருக்கும் வாக்குவாதம் முற்றி ஒருவர் கத்திக்குத்துப் பட்டார். நாட்டை விட்டு வந்து ஒரே முகாமில் இருந்த இருவர்.

இதற்கு மேல் புராண நடை ஓடாது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. நடிகர்கள் நிவாரணம் கொடுத்தார்கள். ரஜினி திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு 50 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். விஜய், பிரதமர் நிதி, முதலமைச்சர் நிதி, அண்டை மாநிலங்கள், தொழிலாளர்கள் என்று பிரித்து மொத்தம் 1.30 கோடி அறிவித்தார். உடனே வழக்கமான கணக்கு தொடங்கியது, யார் அதிகம் என்று. இணையத்தில் இந்தக் கணக்கு இரண்டு நாள் ஓடி ஓய்ந்துவிடும், ஏனென்றால் போட்டவன் சென்னையில், படித்தவன் கோலாலம்பூரில். மரக்காணத்தில் அது இரண்டு நண்பர்களுக்குள் நேருக்கு நேர் நடந்தது. ஒருவர் ரஜினி ரசிகர், ஒருவர் விஜய் ரசிகர். பேச்சு தள்ளுமுள்ளானது. தள்ளிவிடப்பட்ட விஜய் ரசிகர் இறந்துபோனார். வயது 22. நண்பரைப் போலீஸ் கைது செய்தது.

மரக்காணம் செய்தியை எங்கள் குழுவில் போட்டது மாப்பிள்ளை. அத்தான் பதில் எதுவும் எழுதாமல் போன் செய்தார். பேசியது என்னவென்று தெரியாது, ஆனால் அடுத்த நாள் “சகல” திரும்பி வந்தது. ஒரு ஒப்பந்தமும் வந்தது: வசூல் எண், அஞ்சலி போஸ்டர், வீட்டுப் பெண்கள் மூன்றும் இந்தக் குழுவுக்குள் வரக் கூடாது. மூன்றாவது விதியைச் சேர்த்தது அக்கா. வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் விதி, அவர்கள் பேசலாம் என்று விளக்கமும் அவளே எழுதினாள்.

வெளியே உலகம் அப்படித் திருந்தவில்லை. 2023 பொங்கலுக்கு ‘துணிவு’ நள்ளிரவு ஒரு மணிக்கும் ‘வாரிசு’ நாலு மணிக்கும் முதல் காட்சி. கோயம்பேடு ரோகிணி வாசலில் இரு தரப்பும் பேனரைக் கிழித்தன. லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது அஜித் ரசிகர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பது நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி தொடங்கியபின் கலாய்ப்பில் பாதி தேர்தல் கணக்காகிவிட்டது. அந்தப் பாதியை எங்கள் ஒப்பந்தம் இன்னும் கையாளவில்லை, அதற்கு நாலாவது விதி வேண்டும்.

2025 ஜனவரியில் துபாய் கார் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அங்கே பேட்டியில் அஜித் ரசிகர்களைப் பார்த்து, அஜித் வாழ்க, விஜய் வாழ்க என்கிறீர்களே, நீங்கள் எப்போது வாழப்போகிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். அத்தான் அந்தக் காணொளியை வந்த வேகத்தில் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: “பாத்தீரா சகல, இப்படிச் சொல்ல உங்க ஆளுக்கு மனசு வருமா?”

மாப்பிள்ளை எழுதிய பதில்: “வாழ்க.”